அங்கே ஆஃபர் வந்துவிட்டது, இங்கே இன்னும் ஒரு ரவுண்டு பாக்கி: ரிக்ரூட்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லும் முறை

இரண்டு கம்பெனிகளில் ஒரே சமயம் நேர்காணல் போய்க்கொண்டிருக்கிறது. மனசுக்குப் பிடித்த கம்பெனி மெதுவாக நகர்கிறது. இன்னொன்று நாலே நாளில் ஆஃபர் கொடுத்து, சனிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்கிறது. இப்போது பிடித்த கம்பெனியின் ரிக்ரூட்டரிடம் என்ன சொல்வது, எப்போது சொல்வது, எந்த வார்த்தையில் சொல்வது என்பதுதான் இந்த வழிகாட்டி.

ராஜாஜி சாலை, மண்ணடிப் பக்கம் ஷிப்பிங் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை ஒரே வார்த்தையில் புரியவைத்துவிடலாம்: கட்-ஆஃப். கப்பலுக்குப் பெட்டி துறைமுகத்துக்குள் வந்துசேர வேண்டிய கடைசி நேரம், அதாவது கேட்-இன் கட்-ஆஃப், எப்போது என்று பார்ட்டிக்கு முன்கூட்டியே சொன்னால் அவர் லாரியை அதற்கேற்ப ஏற்பாடு செய்வார். சொல்லாமல் விட்டால் பெட்டி அடுத்த கப்பலுக்கு ரோல் ஓவர் ஆகும். பொய்யான கட்-ஆஃப் சொல்லி அவசரப்படுத்தினால், அடுத்த முறை நிஜமானதைச் சொன்னாலும் அவர் நம்ப மாட்டார். ரிக்ரூட்டரும் அந்தப் பார்ட்டி மாதிரிதான். அவருக்கு உங்கள் தேதி தெரிய வேண்டும், அது நிஜமான தேதியாக இருக்க வேண்டும்.

விளக்கத்துக்கு ஒரு கற்பனைக் கேஸை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பின்தொடர்வோம். தண்டையார்பேட்டையில் வசிக்கும் ஒரு பெண். எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷனில் 4 வருட அனுபவம். இப்போதைய வேலையில் நோட்டீஸ் பீரியட் 60 நாள். கிண்டியில் ஒரு ஃப்ரெயிட் ஃபார்வர்டிங் கம்பெனியில் போன வியாழனன்று முதல் ரவுண்டு முடித்திருக்கிறார். மேனேஜர் ரவுண்டு “அடுத்த வாரம் இருக்கும்” என்றார்கள். மணலியில் ஒரு கன்டெய்னர் ஃப்ரெயிட் ஸ்டேஷனில், அதாவது சி.எஃப்.எஸ்.ஸில், திங்களன்று கடைசி ரவுண்டு முடிந்தது. அன்று மாலையே “நீங்க செலக்டட், ரெண்டு நாள்ல ஆஃபர் மெயில் வரும்” என்று போன் வந்துவிட்டது. அவருக்குக் கிண்டி வேலைதான் வேண்டும்.

முதலில், தாமதம் எந்த இடத்தில் என்று கண்டுபிடியுங்கள்

உங்களை அழைத்த ரிக்ரூட்டர் முடிவெடுப்பவர் அல்ல. முடிவு மேனேஜரிடம் இருக்கிறது. சம்பளத்துக்கு ஒப்புதல் அவருக்கும் மேலே ஒருவரிடம் இருக்கும். ரிக்ரூட்டர் நடுவில் நின்று எல்லோரையும் துரத்துகிறவர். அதனால் ‘சீக்கிரம் சொல்லுங்க’ என்று பொதுவாகச் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாக வேண்டும்.

சில தாமதங்களை அவரால் உடனே சரிசெய்ய முடியும். முதல் ரவுண்டு எடுத்தவர் மதிப்பீட்டை இன்னும் எழுதிக்கொடுக்காமல் இருந்தால் ஒரு போனில் வாங்கிவிடலாம். மேனேஜருக்கு நேரம் கிடைக்கவில்லை என்றால் நேரில் வரவேண்டியதை வீடியோவுக்கு மாற்றலாம். இரண்டு ரவுண்டை ஒரே நாளில் அடுத்தடுத்து வைக்கலாம். சம்பள ஒப்புதல், அதாவது ஃபிட்மென்ட், கொஞ்சம் கடினம். கையெழுத்துப் போடுகிறவர் ஊரில் இல்லையென்றால் இரண்டு மூன்று நாள் போய்விடும். அந்தப் பதவிக்கே இன்னும் பட்ஜெட் ஒப்புதல் வரவில்லை என்றால் ரிக்ரூட்டர் தலைகீழாக நின்றாலும் நடக்காது. இன்னொரு ஆளை முதலில் வைத்துக்கொண்டு உங்களைக் காத்திருக்க வைத்திருந்தாலும் அதே கதைதான். அதை யாரும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் நீங்கள் தேதி சொன்ன பிறகும் எந்த அசைவும் இல்லையென்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆகவே முதல் கேள்வி இது: “இந்த ரவுண்டுக்கு அப்புறம் இன்னும் எத்தனை கட்டம் இருக்கு சார்? செலக்ட் ஆனா ஆஃபர் கைக்கு வர பொதுவா எத்தனை வேலை நாள் ஆகும்?” இதை முதல் ரவுண்டு முடிந்த அன்றே கேட்டு வைப்பது நல்லது. அப்போது யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், உங்களுக்கும் கணக்குப் போட ஓர் எண் கிடைக்கும். நம் கேஸில் கிண்டி ரிக்ரூட்டர், மேனேஜர் ரவுண்டுக்குப் பிறகு 4 வேலை நாள் என்று சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

எப்போது சொல்வது

ஆஃபர் லெட்டர் கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று பலரும் காத்திருப்பார்கள். அதில்தான் காரியம் கெடுகிறது. லெட்டர் வந்த பிறகு உங்களிடம் மூன்று நாள்தான் இருக்கும். அவர்களுக்குத் தேவைப்படுவதோ நாலு. அதனால் இரண்டு தடவை சொல்ல வேண்டும். இன்னொரு இடத்தில் கடைசி ரவுண்டு முடிந்ததும் ஒரு தகவல், எழுத்தில் ஆஃபர் வந்ததும் தேதியோடு ஒரு கோரிக்கை.

ரொம்ப முன்னதாகச் சொல்வதும் சரியில்லை. இங்கே முதல் ரவுண்டே நடக்கவில்லை, அதற்குள் ‘எனக்கு வேறு இடத்தில் வேகமாகப் போகிறது’ என்றால், உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாத நிலையில் உங்களுக்காக ஓட அவருக்குக் காரணம் இல்லை. பேசாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். ஆனால் முதல் போனிலேயே அவராக “வேற எங்கயாவது ட்ரை பண்றீங்களா?” என்று கேட்டால் இல்லை என்று சொல்லாதீர்கள். “ஒரு இடத்துல கடைசி ரவுண்டு வரை வந்திருக்கேன் சார்” என்றால் போதும். அன்று இல்லையென்று சொல்லிவிட்டு நாலாம் நாள் ஆஃபர் கையிலிருக்கிறது என்று வந்து நின்றால், அந்தப் பொய்தான் முதலில் நினைவுக்கு வரும்.

நம் கேஸில் திங்கள் மாலை மணலியிலிருந்து வாய்மொழியாகத் தகவல் வந்துவிட்டது. செவ்வாய் காலை கிண்டிக்குப் போக வேண்டிய செய்தி இது:

“வணக்கம் சார். எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன் வேலைக்காகப் போன வியாழன் முதல் ரவுண்டு முடித்தேன். இன்னொரு கம்பெனியில் எனக்குக் கடைசி ரவுண்டு முடிந்துவிட்டது. இந்த வாரத்துக்குள் ஆஃபர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் இன்னும் வரவில்லை. உங்களிடம் மேனேஜர் ரவுண்டு எந்த நாளில் இருக்கும் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்.”

இதில் முக்கியமான வரி, ‘எழுத்தில் இன்னும் வரவில்லை’ என்பதுதான். வாய்மொழித் தகவலை ஆஃபர் என்று சொல்லிவிட்டால், அவர் அடுத்து ‘எத்தனாம் தேதிக்குள்ள பதில் சொல்லணும்? சி.டி.சி. எவ்வளவு?’ என்று கேட்பார். பதில் இருக்காது. தடுமாறுவீர்கள். நிஜமான விஷயத்தையே பொய் மாதிரி ஆக்கிக்கொண்டதாகிவிடும்.

ஆஃபர் கையில் வந்ததும்: செய்தியில் என்னென்ன இருக்க வேண்டும்

புதன் மதியம் மணலியிலிருந்து மெயில் வந்தது. சனிக்கிழமைக்குள் ஏற்றுக்கொள்கிறீர்களா என்று பதில் கேட்டிருக்கிறார்கள். இப்போது கிண்டிக்குப் போகும் செய்தியை ரிக்ரூட்டர் மட்டும் படிக்கப்போவதில்லை. அதை அப்படியே மேனேஜருக்கு அனுப்புவார். மேனேஜர் வேறொரு மீட்டிங்கில் உட்கார்ந்து போனில் பத்து விநாடி பார்ப்பார். அந்தப் பத்து விநாடியில் அவருக்குப் புரிய வேண்டும். அப்படி எழுதினால் இப்படி வரும்:

“வணக்கம் சார். செவ்வாயன்று சொல்லியிருந்த ஆஃபர் இன்று மதியம் மெயிலில் வந்துவிட்டது. சனிக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள். உங்கள் அலுவலகத்துக்குச் சனி விடுமுறை என்பதால், வெள்ளி மாலை 5 மணிக்குள் உங்கள் முடிவு தெரிந்தால் நல்லது. இரண்டில் உங்கள் வேலையைத்தான் விரும்புகிறேன். இம்போர்ட் வேலையும் சேர்ந்து கற்றுக்கொள்ள இடமிருக்கிறது, தண்டையார்பேட்டையிலிருந்து கிண்டிக்கு நேர் மெட்ரோவும் இருக்கிறது. மேனேஜர் ரவுண்டுக்கு வியாழன் மாலை 6 மணிக்கு மேலோ வெள்ளி காலை 10 மணிக்கு முன்போ வீடியோவில் வர முடியும். வெள்ளிக்குள் முடியாது என்றாலும் சொல்லிவிடுங்கள் சார்.”

தேதியைப் பாருங்கள். மணலியில் சனிக்கிழமை வேலை நாள். கிண்டி ஆபீஸில் இல்லை. சனி என்று மட்டும் எழுதியிருந்தால் ரிக்ரூட்டர் மனதில் திங்கள் என்று பதிந்திருக்கும். அதே சமயம், கடைசித் தேதியை வியாழன் என்று மாற்றிச் சொல்லவில்லை. உள்ள தேதியைச் சொல்லி, வெள்ளி ஏன் என்று காரணமும் வந்துவிட்டது. ‘கொஞ்சம் அவசரம்’, ‘சீக்கிரம்’ என்ற சொற்களுக்கு இங்கே வேலையே இல்லை.

விருப்பத்தைச் சொன்ன வரி இன்னும் முக்கியம். ‘வேறு ஆஃபர் இருக்கிறது’ என்று கேட்டவுடன் ரிக்ரூட்டர் மனதில் எழும் முதல் சந்தேகம், ‘இவர் ஆஃபர் சேகரிக்கிறவரா?’ என்பது. 60 நாள், 90 நாள் நோட்டீஸ் இருப்பவர்கள் ஒரு ஆஃபரை வாங்கி வைத்துக்கொண்டு, அதைக் காட்டி இன்னொன்று, அதைக் காட்டி மூன்றாவது என்று ஏற்றிக்கொண்டே போய், சேர வேண்டிய நாளில் போனை எடுக்காமல் விடுவது அவருக்குப் பழகிப்போன அனுபவம். மேனேஜரிடம் திட்டு வாங்கியவர் அவர். உங்களுக்காக ஒப்புதலை அவசரமாக வாங்கிக்கொடுத்து, நீங்கள் வராமல் போனால் அவர் பெயர் கெடும். அதனால் எந்த இடம் வேண்டும், ஏன் வேண்டும் என்று தொட்டுப் பார்க்கக்கூடிய காரணத்தோடு சொன்னால்தான் அவர் நகர்வார். ‘உங்கள் கம்பெனி மிகவும் புகழ்பெற்றது’ என்பதை யாரும் நம்ப மாட்டார்கள். டிரெயிலர் வரிசைக்குள் டூ வீலரில் மணலி ரோட்டில் தினமும் போய் வருவதையும் மெட்ரோவில் உட்கார்ந்து போவதையும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

உண்மையில் இரண்டும் உங்களுக்குச் சமம் என்றால் இந்த வரியை எழுதாதீர்கள். “இரண்டையும் பார்த்துவிட்டு முடிவெடுக்க நினைக்கிறேன்” என்பதும் மரியாதையான பேச்சுதான். கொஞ்சம் பலம் குறையும், அவ்வளவே. மூன்று ரிக்ரூட்டர்களிடம் ‘நீங்கதான் எனக்கு முதல்’ என்று சொல்வது மட்டும் வேண்டாம். ஷிப்பிங் வட்டாரம் சின்னது. ஹெச்.ஆர். ஆட்கள் இந்தக் கம்பெனியிலிருந்து அந்தக் கம்பெனிக்கு மாறிக்கொண்டே இருப்பார்கள்.

கடைசி வரி, ‘முடியாது என்றாலும் சொல்லிவிடுங்கள்’, பலருக்கு எழுத மனம் வராது. நாமே மறுப்பதற்கு வழி காட்டுவது போலத் தோன்றும். நடைமுறையில் அந்த வரி இருந்தால்தான் பதிலே வரும். ரிக்ரூட்டர் மௌனமாக இருப்பதற்குப் பாதிக் காரணம், கெட்ட செய்தி சொல்லத் தயக்கம். அந்தக் கதவைத் திறந்துவிட்டால் உங்களுக்கு வெள்ளிக்கிழமை ஒரு விடை நிச்சயம்.

முதலில் போன், அதன் பிறகு மெயில்

எழுத்து மட்டும் போனால் மிரட்டல் மாதிரி படிக்கப்படும். போன் மட்டும் என்றால் அவர் மேனேஜருக்குச் சொல்லும்போது தேதி மாறிவிடும். அதனால் போனில் ஒரு நிமிடம் பேசி, வைத்த பத்து நிமிடத்தில் மெயில். மெயில் வழக்கம்போல ஆங்கிலத்தில் போனாலும் சரக்கு மேலே உள்ளதுதான்.

நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். காலை 11 மணிக்கு மேல் அல்லது மாலை 4 மணி வாக்கில் ரிக்ரூட்டர்கள் ஓரளவு பிடிபடுவார்கள். வெள்ளி மாலை 6 மணிக்கு மேல் அனுப்பும் எதுவும் திங்கள்தான் படிக்கப்படும். இப்போதைய ஆபீஸ் உள்ளே இருந்து பேச வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. கீழே டீக்கடையும் பாதுகாப்பான இடமில்லை; அங்கேதான் ஊரில் உள்ள கஸ்டம்ஸ் புரோக்கர் ஆட்கள் எல்லாம் நிற்பார்கள்.

பேச்சு இப்படிப் போகும்:

“சார், எக்ஸ்போர்ட் டாக்ஸ் வேலைக்கு வியாழக்கிழமை ரவுண்டு முடிச்சேன்ல, நான்தான் பேசறேன். ரெண்டு நிமிஷம் பேசலாமா?”

“சொல்லுங்க மேடம்.”

“நேத்து சொன்ன ஆஃபர் இன்னிக்கு மெயில்ல வந்துடுச்சு சார். சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். எனக்கு உங்ககிட்டதான் சேரணும்னு இருக்கு. மேனேஜர் ரவுண்டு நாளைக்கோ வெள்ளி காலையோ வைக்க முடியுமா?”

“மேனேஜர் டிராவல்ல இருக்காரு மேடம். எவ்ளோ ஆஃபர் பண்ணியிருக்காங்க?”

“அதையும் சொல்றேன் சார். இப்ப எனக்கு நேரம்தான் பிரச்சினை. வீடியோன்னா அவர் எங்க இருந்தாலும் ஓகேதானே?”

“கேட்டுப் பாக்கறேன். டைம் ஃபிரேம் எல்லாம் ஒரு மெயில் போட்டுடுங்க.”

“பத்து நிமிஷத்துல போட்டுடறேன் சார். நாளைக்கு மதியம் 12 மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டுக்கலாமா?”

அந்தக் கடைசிக் கேள்வியால் அடுத்த போனுக்கு அவரிடமே அனுமதி வாங்கியாகிவிட்டது. அதன் பிறகு இடையில் மூன்று முறை வாட்ஸாப்பில் ‘எனி அப்டேட் சார்’ என்று தட்டத் தேவையில்லை.

எவ்வளவு ஆஃபர், எந்தக் கம்பெனி, லெட்டரைக் காட்டுங்கள்

மூன்றும் கேட்பார்கள். முதல் செய்தியில் சம்பளத் தொகையை எழுதாமல் விடுவதே நல்லது. எழுதினால் நேரம் பற்றிய பேச்சு பேரமாகத் திரும்பிவிடும், மேனேஜரும் ‘இது சம்பளம் ஏற்றும் வேலை’ என்று எடுத்துக்கொள்வார். ஆனால் கேட்டால் மறைக்காதீர்கள், கூட்டியும் சொல்லாதீர்கள். மணலி ஆஃபர் 4.5 லட்சம், அதில் 50 ஆயிரம் இன்சென்டிவ் என்றால், “ஃபிக்ஸட் 4 லட்சம், இன்சென்டிவ் 50 ஆயிரம்” என்று பிரித்துச் சொல்லுங்கள். மொத்தத்தை மட்டும் சொல்லிவிட்டால், பிறகு லெட்டரைப் பார்ப்பவர் ஏமாற்றியதாக நினைக்க இடமுண்டு. கிண்டி வேலைக்கு முதல் போனில் ஒரு தொகைக்குச் சரி என்று சொல்லியிருந்தால், இப்போது அதை மாற்றப்போகிறீர்களா இல்லையா என்பதையும் அங்கேயே தெளிவாக்கிவிடுங்கள். “நாம பேசின தொகையில மாற்றம் இல்ல சார்” என்ற ஒரு வரி ஒப்புதலை ஒரு நாள் முன்னால் கொண்டுவரும்.

கம்பெனி பெயர் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. “மணலியில ஒரு சி.எஃப்.எஸ். சார், பேர் இப்ப வேண்டாம்” என்றால் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்வார்கள். லெட்டர் காப்பி கேட்டால், அனுப்பும் முன் லெட்டரின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். விவரங்களை வெளியே பகிரக்கூடாது என்று ஒரு வரி இருக்கலாம். இருந்தால், அதையே காரணமாகச் சொல்லி, சம்பளப் பிரிவையும் பதில் சொல்ல வேண்டிய தேதியையும் மட்டும் மெயிலில் எழுதிக் கொடுங்கள். அந்த வரி இல்லையென்றாலும் பெயரை மறைத்துக் காட்டுவதே முறை.

இல்லாத ஆஃபரைச் சொன்னவர்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான். காப்பி கேட்டதும் பேச்சு மழுப்பலாகும். அதைவிடச் சாதாரணமான விபத்து இன்னொன்று உண்டு: ரிக்ரூட்டர், “வெள்ளிக்குள்ள எங்களால முடியாது, அந்த ஆஃபரையே எடுத்துக்கோங்க, வாழ்த்துகள்” என்று ஃபைலை மூடிவிடுவார். எடுத்துக்கொள்ள அங்கே ஒன்றும் இருக்காது.

வேகமான கம்பெனியிடம் நாள் கேட்பது

இதைப் புதன்கிழமையே செய்யாமல், கிண்டியிலிருந்து கணக்குத் தெரிந்த பிறகு செய்வதுதான் சரி. எத்தனை நாள் வேண்டும் என்று தெரியாமல் ‘கொஞ்சம் டைம் கொடுங்க’ என்று போனால் ஒரு நாள் கொடுப்பார்கள், அது போதாது. இரண்டாம் முறை கேட்க முகம் இருக்காது.

வியாழன் மதியம் 12 மணி போனில் கிண்டி ரிக்ரூட்டர் சொன்னது: மேனேஜர் வெள்ளி காலை 9:15-க்கு வீடியோவில் வருவார், ஆனால் ஃபிட்மென்ட் ஒப்புதல் திங்கள் மதியம்தான். ஆக தேவை, திங்கள் மாலை வரை. வியாழனே மணலிக்குப் போன்: “சார், ஆஃபருக்கு நன்றி. இன்னொரு இடத்துல ஒரு நேர்காணல் முடிவு திங்கக்கிழமை தெரியும். அதைப் பாத்துட்டு ஒரே வார்த்தையா உங்களுக்குச் சொல்லணும்னு நினைக்கிறேன். சனிக்குப் பதிலா திங்கள் மாலை 6 மணி வரை டைம் கொடுக்க முடியுமா?”

இங்கே குடும்பத்தில் கேட்க வேண்டும், ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றெல்லாம் காரணம் ஜோடிக்கிறவர்கள் உண்டு. தேவையே இல்லை. இரண்டு இடத்தில் முயற்சி செய்வது அவர்களுக்கும் தெரிந்ததே. மூன்று நாள் அவகாசத்தை இரண்டு நாள் நீட்டிப்பது பெரும்பாலும் கிடைக்கும். கிடைக்காத சந்தர்ப்பமும் உண்டு: ஆள் திடீரென்று விலகி இடம் காலியாகக் கிடக்கிறது, அல்லது ஒரே நேரத்தில் பத்துப் பேரை எடுக்கிறார்கள், பட்டியலில் அடுத்த பெயர் தயாராக இருக்கிறது. நேர்காணலிலேயே “உடனே சேர முடியுமா, நோட்டீஸ் பை-அவுட் பண்ணிக்கறோம்” என்று திரும்பத் திரும்பக் கேட்டிருந்தால் அது அந்த அடையாளம். அங்கே ஒரு நாளுக்கு மேல் கேட்பது ஆபத்து.

மணலி சரி என்றதும், கிண்டிக்கு அதைச் சொல்லியாக வேண்டும். மறைத்துவைத்து, வெள்ளி என்ற பழைய தேதியையே அழுத்துவது பொய்யான கட்-ஆஃப். “திங்கள் மாலை வரை டைம் வாங்கியிருக்கேன் சார், அதுக்கு மேல நீட்ட முடியாது” என்று எழுதினால், அந்த இரண்டாம் தேதிக்கு இன்னும் எடை கூடும். அவர்களுக்காக நீங்கள் ஒரு படி இறங்கிவந்தது தெரிகிறது.

திங்கள்கிழமை: எது ஆஃபர், எது பேச்சு

வெள்ளி காலை ரவுண்டு நன்றாகப் போனது. மாலை ரிக்ரூட்டர், “மேனேஜர் ஓகே சொல்லிட்டாரு, லெட்டர் வரும், கவலைப்படாதீங்க” என்கிறார். இதை நம்பி மணலிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இரண்டும் போகக்கூடும். ஒப்புதல் கையெழுத்துக்கு முன்னால் வரும் எந்தச் சொல்லும் ரிக்ரூட்டரின் நல்லெண்ணம் மட்டுமே. முழு லெட்டர் தயாராக நாளாகும் என்றால், ஒரு மெயிலாவது கேளுங்கள்: பதவி, ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு, வேலை செய்யும் இடம், 60 நாள் நோட்டீஸைக் கணக்கில் எடுத்த சேரும் தேதி. கம்பெனி மெயில் முகவரியிலிருந்து வர வேண்டும். வாட்ஸாப் செய்தி போதாது. “இந்த மெயில் வந்ததும் அங்க வேண்டாம்னு சொல்லிடுவேன் சார், அதனாலதான் கேக்கறேன்” என்று காரணத்தைச் சொல்லியே கேட்கலாம். அந்த மெயிலும் முழு லெட்டருக்கு ஈடாகாது என்பதால், இப்போதைய வேலையில் ராஜினாமாவை லெட்டர் வந்த பிறகே கொடுங்கள்.

திங்கள் மாலை 4 மணி வரை மெயில் வரவில்லை என்றால் ஒரே ஒரு போன். “6 மணிக்கு அங்க பதில் சொல்லணும் சார். இன்னிக்கு வருமா, வராதா?” வராது என்றாலோ போனே எடுக்கவில்லை என்றாலோ, மணலியை ஏற்றுக்கொள்வதா, வந்ததை விட்டுக் காத்திருப்பதா என்பது உங்கள் முடிவு. ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, ரகசியமாகக் கிண்டிக்காகக் காத்திருப்பது மட்டும் மூன்றாவது வழி அல்ல. ரிக்ரூட்டர்கள் பயப்படும் ஆள் அவர்தான்.

இந்த முறை செல்லாத இடங்கள்

மணலி சென்னை பெட்ரோலியம், எண்ணூர் காமராஜர் துறைமுகம் போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள் இதை முயல வேண்டாம். அறிவிப்பு, தேர்வு, தரவரிசை என்று வரிசையாகப் போகும் நடைமுறையில், ஒருவருக்கு வெளியே ஆஃபர் வந்தது என்பதற்காக எதையும் முன்னால் நகர்த்தும் அதிகாரம் எந்த அதிகாரிக்கும் இல்லை. அந்த முடிவுக்குத் தனியார் வேலையில் சேர்ந்துகொண்டே காத்திருக்கலாம்.

நடுவில் கன்சல்டன்சி இருந்தால் கதை கொஞ்சம் மாறும். நீங்கள் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் காசு. வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது வழக்கமான கணக்கு. அதனால் உங்கள் தேதியைக் கிளையண்டிடம் வேகமாகச் சொல்ல அவர்களுக்கு ஆர்வம் இருக்கும், கொஞ்சம் மிகைப்படுத்தவும் ஆர்வம் இருக்கும். “இன்னிக்கு ராத்திரிக்குள்ள சொல்லலைன்னா போயிடுவாங்க” என்று அவர் சொல்லி, நீங்கள் சனி என்று சொன்னால் பொய் உங்கள் தலையில் விழும். போனில் மட்டும் சொல்லாமல் தேதியை எழுதிக் கொடுத்து, “இதை அப்படியே ஃபார்வர்டு பண்ணுங்க” என்று கேளுங்கள். ஒரு வேலை நாள் கடந்தும் அசைவில்லை என்றால், நேர்காணல் எடுத்த ஹெச்.ஆர். மெயில் உங்களிடம் இருந்தால் அவருக்கே எழுதலாம், கன்சல்டன்சியை சி.சி.யில் வைத்து.

வேண்டாம் என்று சொல்வது

நம் கேஸில் திங்கள் மதியம் 3 மணிக்குக் கிண்டி மெயில் வந்தது. 3:30-க்கு மணலிக்குப் போன், 6 மணி வரை காத்திருக்காமல். “சார், இன்னொரு இடத்துல வந்துடுச்சு, அங்கயே சேரலாம்னு முடிவு பண்ணிட்டேன். ரெண்டு நாள் கூடக் கொடுத்ததுக்கு ரொம்ப நன்றி. மெயிலும் இப்பவே போட்டுடறேன்.” எவ்வளவு அதிகம் கொடுக்கிறார்கள் என்று கேட்டால், சொல்லும் விருப்பம் இல்லையென்றால் “சம்பளம் மட்டும் காரணம் இல்ல சார், போக்குவரத்தும் பாத்தேன்” என்று நிறுத்திக்கொள்ளலாம். “நாங்க இன்னும் ஏத்தித் தரோம்” என்றால், கிண்டியிடம் அந்த மெயில் வந்ததும் மற்றதை விட்டுவிடுவேன் என்று சொன்ன வாக்கு நினைவிருக்கட்டும். “வேண்டாம் சார், முடிவு பண்ணியாச்சு” என்று சொல்லி வைத்துவிடுங்கள். பட்டியலில் அடுத்த பெயரை அவர் அன்று மாலையே கூப்பிட வேண்டியிருக்கும்.